கழுவிடுவோம் சார்!

(போன இதழில், கிழக்குக் கடற்கரைச் சாலை ஓட்டல் ஒன்றின் சமையலறைக்குள் ஒரு பிரெஞ்சு ஆய்வாளரோடு நடந்த கதையை நாலு வரியில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றியே. ஆகவே இந்த வாரம் அடுப்பங்கரை ஸ்பெஷல்.)

காதில் கிசுகிசுத்து மொழிபெயர்ப்பது என்று ஒரு தொழிலே இருக்கிறதா? நம்பவே முடியவில்லையே! (திண்டிவனத்திலிருந்து ஒரு ஆசிரியை)

பொறணி பேசுவதற்கு மட்டும்தான் காது என்று நினைத்திருந்தீர்களா? ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே, இரண்டு மூன்று விநாடி பின்தங்கி, பக்கத்தில் இருக்கும் ஒருவருக்கோ இருவருக்கோ மட்டும் கேட்கும்படி அதை அவர்கள் மொழியில் சொல்லிக்கொண்டே போக வேண்டும். மூன்றாவது ஆள் வந்தால் கதை கந்தல். பிரெஞ்சில் இதற்கு 'ஷூஷோத்தாஜ்' என்று பெயர். சொல்லிப் பாருங்கள், பெயரே கிசுகிசுக்கும். எனக்கு வாய்த்த வேலை இது: பிரான்ஸிலிருந்து சுற்றுலாக் குழுக்களை அனுப்பும் ஒரு கம்பெனி, தன் ஆட்கள் சாப்பிடப்போகும் ஓட்டல்களின் சமையலறையைப் பார்த்துவர ஒரு அம்மையாரை அனுப்பியது. புதுச்சேரிக்காரன் பழக்கத்தில் அவரை 'மதாம்' என்றே எழுதுகிறேன். தலைமைச் செஃப் மதுரைப் பக்கத்துக்காரர். ஆங்கிலம் கொஞ்சம் வரும். மசாலாவைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அந்தக் கொஞ்சமும் போய்விடும்.

செஃப் பேசி முடித்ததும் நீங்கள் சத்தமாகச் சொல்லிவிட்டால் என்ன? ரகசியம் எதற்கு?

ரகசியமெல்லாம் இல்லை, நேரம்தான். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நின்று, காத்திருந்து, திருப்பிச் சொன்னால் ஒன்றரை மணி நேரச் சுற்று மூன்று மணி நேரம் ஆகும். மதிய சாப்பாட்டு நேரம் நெருங்கும் சமையலறையில் மூன்று மணி நேரம் யார் தருவார்கள்? இன்னொன்று, நடந்துகொண்டே பேசும் மனிதர் கையையும் சேர்த்துத்தான் பேசுகிறார். செஃப் ஒரு டப்பாவைக் காட்டி "இது நேத்து வந்தது" என்று சொல்லும்போது, மதாமின் கண் அந்த டப்பாவின் மேல் இருக்கும்போதே சொல் காதுக்குப் போய்விட வேண்டும். நான் பிறகு சொன்னால் அதற்குள் செஃப் இரண்டு டப்பா தள்ளிப் போயிருப்பார். நேற்று வந்தது எது என்று மதாமுக்குத் தெரியாது. எனக்கும் சந்தேகம் வந்துவிடும்.

அதற்காக எல்லாவற்றையும் கிசுகிசுப்பதில்லை. செஃப் சொல்வது மதாமின் காதுக்குத் தாழ்ந்த குரலில் போகும். மதாமின் கேள்வி செஃபுக்குச் சத்தமாக வரும், ஏனென்றால் அதைப் பக்கத்தில் நிற்கும் நாலு பேரும் கேட்டால்தான் பதில் சொல்ல வேண்டியவர் பதில் சொல்வார்.

எக்ஸாஸ்ட் ஓடுகிற இடத்தில் கிசுகிசுப்பு கேட்குமா? (மணக்குள விநாயகர் கோயில் தெருவிலிருந்து ஓய்வுபெற்ற ஒலிபெருக்கிக் கடைக்காரர்)

தொழில் தெரிந்தவர் கேட்டுவிட்டார்! கேட்காது. உண்மையான கிசுகிசுப்பில் குரல்நாண் அதிர்வதே இல்லை. வருவது வெறும் காற்றின் 'ஸ்ஸ்'. அடுப்புக்கு மேலே இருக்கும் ஹூட் போடும் சத்தமும் அதே 'ஸ்ஸ்' ஜாதி. இரண்டும் சேர்ந்தால் என் வாய் அசைவது தெரியும், சொல் வராது. போதாததற்கு, ஒரு மணி நேரம் நிஜமாகக் கிசுகிசுத்தால் தொண்டை இரண்டு நாளைக்கு விடுமுறை கேட்கும். அதனால் பெயர்தான் கிசுகிசுப்பு. செய்வது, குரலை அடியிலிருந்து எடுத்து, தாழ்த்தி, தட்டையாகப் பேசுவது. கோயிலில் அர்ச்சகர் நம் நட்சத்திரம் கேட்பாரே, அந்தக் குரல்.

அதுவும் அடுப்பு வரிசையில் எடுபடாது. அங்கே நான் முயற்சியே செய்வதில்லை. முதலிலேயே இருவரிடமும் சொல்லிவிடுவேன்: அடுப்புப் பக்கம் பார்க்க மட்டும் செய்வோம், பேச்சை அந்தப் பக்கத்துக் கதவுக்கு வெளியே வைத்துக்கொள்வோம் என்று. எக்ஸாஸ்டை நிறுத்தச் சொல்லலாமே என்று ஒரு புத்திசாலி மேனேஜர் கேட்டார். கீழே ஆறு பர்னர் எரிகிறது சாமி! குளிர் அறைக்குள் போனால் நிம்மதி என்றும் நினைக்காதீர்கள். அங்கே விசிறி தலைக்கு மேல் கத்தும். குளிரில் என் பல் அதற்குத் தாளம் போடும்.

காதில் மாட்டும் கருவி எதுவும் கிடையாதா?

உண்டு. சுற்றுலா வழிகாட்டிகள் கையில் சின்ன மைக், கூட்டத்தின் காதில் ரிசீவர் என்று பார்த்திருப்பீர்கள். அதேதான். ஐரோப்பிய மொழிபெயர்ப்பாளர்கள் அதற்கு 'பிதூல்' என்று செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பேச்சில் 'அந்த என்னமோ ஒண்ணு' என்று அர்த்தம். அது இருந்தால் நான் மூன்றடி தள்ளி நின்றே பேசலாம். அன்று கம்பெனி அனுப்பவில்லை. அனுப்பியது ஒரு தலை வலை, ஒரு வெள்ளைக் கோட்டு, ஒரு முகக்கவசம். முகக்கவசத்துக்குள்ளிருந்து பேசிப் பாருங்கள், பிரெஞ்சின் மூக்கொலிகள் எல்லாம் ஜலதோஷம் பிடித்தது போலாகிவிடும்.

மதாமின் எந்தப் பக்கம் நிற்பீர்கள்? வலமா இடமா?

ஜோசியம் மாதிரி கேட்டாலும் கேள்வி சரியானது. மதாம் வலக்கையால் எழுதுகிறார். அந்தக் கையில்தான் தெர்மாமீட்டர் குச்சியும். அந்தப் பக்கம் நின்றால் நான் குத்துப்படுவேன். ஆகவே இடது தோளுக்கு அரை அடி பின்னால். செஃப் அவருக்கு வலப்பக்கம் முன்னால். பின்னால் நிற்பதில் ஒரு லாபம், செஃப் பேச்சு எனக்கு நேராக வருகிறது. இன்னொரு லாபம், செஃப் என் முகத்தைப் பார்க்க முடியாது. பார்த்தால் என்னிடம் பேச ஆரம்பித்துவிடுவார்: "சார், அவங்ககிட்ட சொல்லுங்க, இந்த மீன் காலையில வந்ததுன்னு..." இந்த 'சொல்லுங்க' நுழைந்துவிட்டால் நடுவில் நான் ஒரு கதாபாத்திரம் ஆகிவிடுகிறேன். நான் அங்கே இல்லை என்று அவர்கள் மறக்க வேண்டும். செஃப் "நான் பார்த்து வாங்கினேன்" என்றால் நானும் பிரெஞ்சில் "நான் பார்த்து வாங்கினேன்" என்றுதான் சொல்வேன். 'அவர் பார்த்து வாங்கினாராம்' என்று சொன்னால் அந்த 'ஆம்' ஒரு நொடியில் செஃபைப் பொய்யர் ஆக்கிவிடும்.

இரண்டு பேர் உரசாமல் போகக் கஷ்டமான சந்துகளில் இந்த ஏற்பாடெல்லாம் பறந்துவிடும். வரிசையாகத்தான் போக வேண்டும்: செஃப், மதாம், நான். பின்னாலிருந்து ஒரு பையன் கொதிக்கும் அண்டாவோடு "சூடு! சூடு!" என்று வந்தால் மொழிபெயர்ப்பதெல்லாம் பிறகு, முதலில் மதாமின் முழங்கையைப் பிடித்து ஓரம்.

ஒரு பெண்மணியின் காதுக்கு அவ்வளவு அருகே...? வீட்டில் ஒன்றும் சொல்ல மாட்டார்களா?

காலையிலேயே மதாமிடம் கேட்டுக்கொண்டேன்: எந்தக் காது நன்றாகக் கேட்கும், எவ்வளவு தூரம் சௌகரியம் என்று. ஒரு சாண் என்றார். வீட்டில் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "வெங்காயச் சட்னி வேண்டாம், போற இடம் அப்படி."

தமிழிலிருந்து பிரெஞ்சுக்குப் போகும்போது எது மிகவும் கஷ்டம்? சாப்பாட்டுப் பெயர்களா? (வில்லியனூர் கேட்டரிங் மாணவர்)

பெயர்கள் சுலபம் தம்பி. ரசம் என்றால் ரசம். என்னை வியர்க்க வைத்தது 'கழுவிடுவோம்' என்ற ஒரே ஒரு சொல்.

காய்கறிப் பகுதியில் நிற்கிறோம். கொத்தமல்லிக் கட்டைத் தூக்கிக் காட்டி, பச்சையாகத் தூவும் கீரைகளை என்ன செய்கிறீர்கள் என்று மதாம் கேட்கிறார். செஃப் சொன்னார்: "குளோரின் தண்ணில 50 பிபிஎம்ல அஞ்சு நிமிஷம் போட்டு, நல்ல தண்ணில கழுவிடுவோம் மேடம்."

இதைத் தமிழில் கேட்கும் உங்களுக்கு ஒரு சந்தேகமும் வந்திருக்காது. ஆனால் நம் 'வோம்' இரண்டு வேலை செய்கிறது. 'காலையில் இட்லி சாப்பிடுவோம்' என்றால் தினசரிப் பழக்கம். 'நாளைக்குப் படம் பார்ப்போம்' என்றால் இனிமேல். பிரெஞ்சில் இவை இரண்டும் வேறு வேறு வினைமுற்று, ஒன்றுக்குப் பதில் இன்னொன்று உட்காராது. ஆய்வாளரின் தாளில் அந்த வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும்: 'கழுவுகிறோம்' என்றால் ஒரு டிக், 'கழுவப்போகிறோம்' என்றால் இதுவரை கழுவவில்லை என்று ஒப்புக்கொண்ட வாக்குமூலம். கூடவே அந்த 'இடு' வேறு. "கழுவிடுவோம்" என்பதில், 'அதெல்லாம் முடிச்சிடுவோம், கவலைப்படாதீங்க' என்ற சமாதானத் தொனி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தத் தொனியில் சொன்னால் வாக்குறுதி மாதிரியே இருக்கும்.

எனக்கு இருந்த நேரம் இரண்டு விநாடி. பக்கத்தில் குளோரின் தொட்டி இருந்தது, அதன் மேல் தேதி போட்டுக் கையெழுத்திட்ட ஒரு பதிவேடு தொங்கியது. பழக்கம்தான் என்று ஊகித்துச் சொல்லியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. பதிவேட்டைப் பார்த்து முடிவு செய்வது மதாமின் வேலை, அதற்குத்தான் அவருக்குச் சம்பளம். நான் மதாமிடம், "மொழிபெயர்ப்பாளர் சொல்கிறார்: இந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம், செஃபிடம் கேட்டுக்கொள்ளட்டுமா?" என்றேன். கவனியுங்கள், அந்த இடத்தில் 'நான்' என்று சொல்ல முடியாது. 'நான்' செஃபுக்கு வாடகைக்குப் போயிருக்கிறது. அவர் தலையசைத்ததும் செஃபிடம் சத்தமாக, "செஃப், இப்ப தினமும் கழுவுறீங்களா, இல்ல இனிமே கழுவப்போறீங்களா?"

செஃப் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "தினமும்தான் சார். அதத்தானே சொன்னேன்?"

சொன்னீர்கள் செஃப். தமிழில் சொன்னீர்கள்.

'ஆமாம்', 'இல்லை' மட்டும்தான் பதில் என்றால் சுலபம்தானே?

அங்கேதான் குழி. மதாம் கேட்டார்: "ஒருமுறை உருக்கிய இறைச்சியை மறுபடி உறைய வைப்பதில்லையே?" செஃப்: "ஆமா மேடம்." தமிழில் இதன் பொருள், 'நீங்க சொல்றது சரி, வைக்கிறதில்ல.' இதை அப்படியே பிரெஞ்சு 'உய்' ஆக்கினால், 'ஆம், வைக்கிறோம்' என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு. எதிர்மறைக் கேள்வியை மறுத்து 'வைக்கிறோம்' என்று சொல்ல அவர்களிடம் 'சி' என்று தனிச் சொல்லே இருக்கிறது. ஒப்புக்கொள்வதற்கு அவர்கள் சொல்வது 'நோன்'. அதாவது செஃபின் 'ஆமா' என் வாயில் 'இல்லை' ஆக வேண்டும்! பக்கத்தில் நின்ற மேனேஜருக்கு அரைகுறை பிரெஞ்சு தெரியும். செஃப் ஆமா என்கிறார், இவன் நோன் என்கிறானே என்று அவர் முகம் வெளுத்துவிட்டது. அதற்குத்தான் ஒற்றைச் சொல்லாக விடக் கூடாது. "இல்லை, நாங்கள் மறுபடி உறைய வைப்பதில்லை" என்று முழு வாக்கியமாகச் சொல்லிவிட வேண்டும். இரண்டு விநாடி கூடும், மேனேஜருக்கு ரத்த ஓட்டம் திரும்பும்.

தலையாட்டுவதை மொழிபெயர்ப்பீர்களா?

நம் ஆள் பக்கவாட்டில் ஆட்டினால் மதாம் 'இல்லை' என்று குறித்துக்கொள்வார். செஃபிடம் மெதுவாக, "வாயால சொல்லுங்க செஃப்" என்பேன். தலையின் பொருளை நானே சொல்லத் தொடங்கினால் அப்புறம் புருவத்துக்கும் கேட்பார்கள்.

எண்களைச் சொல்லும்போது தவறு வந்ததுண்டா? உண்மையைச் சொல்லுங்கள். (காரைக்கால் வங்கி ஊழியர்)

வந்தது. சூடு பதிவேட்டின் முன்னால் நிற்கிறோம். மதாமின் பட்டியலில் கோழி நடுச்சதை 75 டிகிரியைத் தொட வேண்டும். செஃப் சொன்னது: "இது சிக்கன் 65 மேடம், எண்ணெயிலேர்ந்து எடுக்கும்போது உள்ளே 82 இருக்கும்." நான், "கோழி, 65..." என்று ஆரம்பித்தேன். அந்த நொடியில் யாரோ அடுப்பில் எதையோ கொட்ட, 'சொய்ங்' என்று ஒரு சத்தம். 82 அதில் கரைந்தது. மதாம் பேனாவை எடுத்து 65 என்று எழுதி, சுற்றி ஒரு வட்டம் போட்டார். சிவப்பு மை.

வட்டத்தைப் பார்த்ததும் என் வயிறு கலங்கியது. உடனே, "மொழிபெயர்ப்பாளர் திருத்துகிறார்: 65 என்பது பலகாரத்தின் பெயர், வெப்பம் 82" என்றேன். பெயரில் ஏன் எண் என்று அவர் கேட்டார். அதற்கு ஊரில் ஏழெட்டுக் கதைகள் உலவுகின்றன, அந்த நேரத்தில் ஒன்றும் என் உதவிக்கு வரவில்லை. இப்போதெல்லாம் முதலில் 'அறுபத்தைந்து என்ற பெயருள்ள கோழிப் பலகாரம்' என்றுதான் தொடங்குகிறேன்.

எண்களுக்கு இரண்டு பக்கமும் இடி. தமிழில் 'இருபத்தஞ்சு', 'எழுபத்தஞ்சு' இரண்டையும் விசிறிச் சத்தத்தில் கேட்டுப் பாருங்கள், வால்தான் காதில் விழும், தலை விழாது. பிரெஞ்சில் தலை விழும், வால் போய்விடும்: 75க்கு அவர்கள் சொல்வது 'அறுபது-பதினைந்து'. பதினைந்து காற்றில் போனால் அறுபது நிற்கும். 90 என்றால் 'நாலு-இருபது-பத்து'; இதில் எந்தத் துண்டு தொலைந்தாலும் வேறு ஒரு எண் கையில் நிற்கும். அதனால் இடது உள்ளங்கையில் ஒரு சின்ன நோட்டு. எந்த எண் வந்தாலும் சொல்லிக்கொண்டே கொட்டை எழுத்தில் எழுதி மதாம் கண்ணில் படும்படி நீட்டுவேன். செஃபும் எட்டிப் பார்ப்பார். தப்பாக இருந்தால் அவரே கத்துவார்.

புளித்த இட்லி மாவைப் பார்த்து மதாம் மயங்கி விழவில்லையா?

விழவில்லை, ஆனால் நான் தள்ளிவிட்டிருக்கலாம். குளிர் அறைக்கு வெளியே மூடி போட்ட பெரிய பாத்திரம், ராத்திரி முழுக்க வெளியே இருந்தது. "இது ஏன் ஃப்ரிட்ஜில் இல்லை?" என்றார். செஃப்: "புளிக்கணுமே மேடம், ராத்திரி வெளியே வெச்சாத்தான் பொங்கும்." புளிப்பதற்கு அகராதியைத் திறந்தால் பிரெஞ்சில் கெட்டுப்போன பாலுக்குச் சொல்லும் சொல் கிடைக்கும். 'நாங்கள் மாவைக் கெடவிடுகிறோம்' என்று ஒரு தலைமைச் செஃப் பெருமையாகச் சொன்னதாக ஆகியிருக்கும். அவர்கள் ரொட்டி மாவுக்கும் பாலாடைக்கட்டிக்கும் சொல்லும் நொதித்தல் சொல்லை எடுத்துக்கொண்டேன். மதாம் முகம் மலர்ந்தது: ஓ, நம்ம ரொட்டிக்கடை சமாசாரம்! எத்தனை மணி நேரம், எப்போது உள்ளே போகும் என்று இரண்டு கேள்விகளோடு நகர்ந்துவிட்டார்.

அப்படியானால் செஃபுக்குச் சாதகமாகச் சொல்கிறீர்கள் என்று அர்த்தமா?

இல்லை. சரியான சொல்லைச் சொன்னால் சில சமயம் செஃபுக்கு நல்லது, சில சமயம் கெட்டது. கெட்டதையும் கேளுங்கள்.

சாம்பார் அண்டா முன்னால். செஃப் ஒரே மூச்சில்: "காலையில ஆறு மணிக்கு நாப்பது லிட்டர் போடுவோம், மத்தியானத்துக்கு எடுத்தது போக மிச்சத்த ஆற வெச்சு உள்ள வெச்சிருவோம், ராத்திரிக்கு சூடு பண்ணிக்குவோம்." தமிழ் கடைசி வரைக்கும் வினையைக் கையில் மறைத்து வைத்திருக்கும், பிரெஞ்சுக்கு அது முன்னாலேயே வேண்டும். காத்திருந்தால் மூச்சு முட்டும். அதனால் வினை தேவைப்படாத துண்டுகளை முதலில் போட்டுவிடுவது வழக்கம்: 'காலை ஆறு மணி, நாற்பது லிட்டர்', அப்புறம் 'மதியத்துக்குப் பின் மிச்சம்', இதற்குள் 'ஆற வெச்சு' வந்துவிடும்.

அந்த 'ஆற வெச்சு' இருக்கிறதே! பிரான்ஸில் சமைத்ததைக் குளிரவைக்க ஒரு கணக்கு உண்டு: 63 டிகிரியிலிருந்து 10 டிகிரிக்குக் கீழே இரண்டு மணி நேரத்துக்குள் இறங்க வேண்டும், நடுவில் கிருமி பெருகும் வெதுவெதுப்பில் தங்கக் கூடாது. அதற்கு அவர்கள் 'விரைவுக் குளிர்விப்பு' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். அதைச் சொல்லியிருந்தால் மதாம் டிக் போட்டுவிட்டு நடந்திருப்பார். ஆனால் செஃப் அதைச் சொல்லவில்லை. 'ஆற வைப்பது' என்றால் நம் வீட்டில் பாலை ஜன்னலோரம் வைப்பதும் ஆற வைப்பதுதான். ஆகவே 'ஆறவிடுகிறோம்' என்றே சொன்னேன். மதாமின் புருவம் ஏறியது. மேனேஜர் என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தார்.

"எப்படி ஆறவிடுகிறீர்கள்? இதே அண்டாவிலா?" என்று மதாம் கேட்க, நான் சத்தமாகத் திருப்பினேன். நாற்பது லிட்டர் அண்டாவை மூடி வைத்தால் ராத்திரி வரைக்கும் நடுவில் சூடு இருக்கும் என்பது யாருக்கும் தெரியும். செஃப் சிரித்தார். "அண்டாவோடயா? அய்யோ இல்ல மேடம். நாலு அங்குல டிரேல பிரிச்சு ஊத்தி பிளாஸ்ட் சில்லர்ல விடுவோம். ஒன்றரை மணி நேரத்துல முடிஞ்சிரும்." இந்த முறை 'விடுவோம்' பழக்கமா வாக்குறுதியா என்று நான் கேட்பதற்குள் அவரே பிளாஸ்ட் சில்லரைத் திறந்து நேற்றைய டிரேயைக் காட்டிவிட்டார். மதாம் குச்சியைச் செருகினார். 4 டிகிரி.

மேனேஜருக்குப் புரியாத கணக்கு இதுதான். நான் முதலிலேயே மெருகேற்றிச் சொல்லியிருந்தால், டிரேயும் சில்லரும் வெளியே வந்தே இருக்காது. மதாமின் தாளில் என் சொல் இருந்திருக்கும், செஃபின் வேலை இருந்திருக்காது.

உதவியாளர்கள் தங்களுக்குள் தமிழில் பேசுவதையும் சொல்வீர்களா? (பெயர் வேண்டாம் என்கிறார் ஒரு ஓட்டல் ஊழியர்)

பெயர் வேண்டாம் என்றதும் உங்கள் நிலைமை புரிந்துவிட்டது. உள்ளே நுழையும்முன் கைகழுவும் இடத்தில் நின்று எல்லோருக்கும் ஒன்று சொல்லிவிடுவேன்: "என் காதுல விழுறது எல்லாம் மேடம் காதுக்குப் போகும். தப்பா நெனைக்காதீங்க." இதை முன்கூட்டிச் சொல்வது மரியாதைக்காக. சொல்லாமல் கேட்டு ஒப்பித்தால் அது ஒற்று வேலை.

அன்றும் நடந்தது. கோல்ட் ரூம் மூலையில் ஒரு பையன் இன்னொருவனிடம், "டேய், அந்த கிரீம் டப்பாவ பின்னாடி தள்ளுடா, தேதி நேத்தோட முடிஞ்சிருச்சு" என்றான். நான் அதே தட்டைக் குரலில் சொன்னேன். 'டேய்' உட்பட, பிரெஞ்சிலும் அதற்கு ஒரு சமானம் இருக்கிறது. மதாம் அலமாரிப் பின்னாலிருந்து டப்பாவை எடுத்தார். செஃப் அதை வாங்கி, அங்கேயே குப்பைத் தொட்டியில் கவிழ்த்து, பதிவேட்டில் எழுதினார். பையன் என்னைப் பார்த்தான். காலையில் சொன்னது நினைவு வந்திருக்கும். பாவம்தான். ஆனால் அந்த கிரீமைச் சாப்பிடப்போகிறவர்களும் பாவம்.

மஞ்சள் பலகையில் ஏதோ தகராறு என்று எழுதியிருந்தீர்களே?

நம் ஓட்டல்கள் பல பிரிட்டிஷ் வழக்கத்தில் வெட்டும் பலகைக்கு நிறம் வைக்கின்றன. அதில் மஞ்சள் சமைத்த இறைச்சிக்கு. மதாம் பார்த்துப் பழகிய இடங்களில் மஞ்சள் பச்சைக்கோழிக்கு. சமைத்த கோழி மஞ்சள் பலகையில் கிடப்பதைப் பார்த்து அவர் ஒரு அடி பின்வாங்கி என் காலை மிதித்தார். எனக்குக் காரணம் தெரியும். இருந்தாலும் விளக்கவில்லை, "இந்த நிறம் எதற்கு என்று செஃபிடம் கேட்கலாம்" என்று மட்டும் சொன்னேன். செஃப் சுவரில் ஒட்டியிருந்த நிற அட்டவணையைக் காட்டினார். என் கால் இன்னும் வலிக்கிறது.

ஓட்டல்காரர்கள் பயன்படுத்தும் பிரெஞ்சுச் சொற்கள் மதாமுக்குப் புரிந்திருக்குமே?

அதுதான் வேடிக்கை. செஃப் "பேன்மேரி", "கார்டமாஞ்சே" என்றெல்லாம் சொன்னபோது மதாம் என்னைத் திரும்பிப் பார்த்தார், இது என்ன தமிழ்ச் சொல் என்று. அவர் பாட்டி வீட்டுச் சொற்களை அவருக்கே மொழிபெயர்த்தேன். கூலியில் கழிக்கவில்லை.

இப்படி எவ்வளவு நேரம் தொடர்ந்து செய்ய முடியும்?

சாதாரணமாக இரண்டு பேர் வேண்டும், அரை மணிக்கு ஒருவர் மாற வேண்டும். அன்று நான் தனி ஆள். நாற்பதாவது நிமிடம் ஒரு வாக்கியத்தை பிரெஞ்சில் தொடங்கித் தமிழில் முடித்தேன். மதாம் மரியாதையாகத் தலையாட்டி எழுதிக்கொண்டார்! அப்போதே பத்து நிமிடம் டீ கேட்டு வாங்கிவிட்டேன்.

வேலை முடிந்ததும் உங்களுக்கு அங்கே சாப்பாடு உண்டா?

உண்டு. செஃபே எதிரில் உட்கார்ந்து சாம்பார் ஊற்றினார். "உப்பு சரியா இருக்கா சார்?" என்று கேட்டார். பழக்க தோஷம், பக்கத்து நாற்காலிப் பக்கம் சாய்ந்து அதை பிரெஞ்சில் சொன்னேன். நாற்காலி காலி.